அவர்களுடைய ஒன்பது மணி

சென்னையில் திங்கட்கிழமை காலை 9.30 மணிக்கு ஒரு மென்பொருள் பொறியாளர் தன் கணினியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மிச்சம் வைத்த சந்தேகம் ஒன்று மனதில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் சக ஊழியருக்கு அதை ஸ்லாக்கில் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அவசரம் ஒன்றுமில்லை. மறந்துபோவதற்குள் கேட்டுவிடலாம் என்பதுதான் எண்ணம். கோடைக்காலமாக இருந்தால், அந்த நேரத்தில் சான்பிரான்சிஸ்கோவில் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. அங்கே ஒரு கைப்பேசி சிணுங்குகிறது. அனுப்பியவருக்கு அது வாரத்தின் முதல் வேலை. பெற்றவருக்கு விடுமுறையின் கடைசி மணிநேரம். இருவரில் யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை. சென்னையின் திங்கட்கிழமை பகல் 12.30 வரை அங்கே ஞாயிறு முடிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலுக்கு ஸ்லாக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. செய்தியை இப்போது எழுதி, பிறகு போய்ச் சேரும்படி நேரம் குறித்து வைக்கலாம். ஜிமெயிலில் 2019-இலும் ஸ்லாக்கில் 2021-இலும் இந்த வசதி வந்தது. ஸ்லாக்கில் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய சிறிய அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் நேரங்களின் பட்டியல் விரியும். கைப்பேசியில் அனுப்பும் குறியை அழுத்திப் பிடித்தால் போதும். 120 நாட்கள் தள்ளி வரைக்கும் நேரம் குறிக்கலாம். வசதி எளியது என்பதால் இதை ஒரு சின்ன நாகரிகமாகப் பலர் எண்ணுகிறார்கள். நேரமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் குற்றமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். என் கருத்து வேறு. கடல் தாண்டிய நேரடிச் செய்திகளில் மற்றவரின் கடிகாரத்தைப் பார்க்கும் வேலை அனுப்புபவருடையது. அதைப் பெறுபவரின் தலையில் கட்ட முடியாது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது, ஆய்வும் இருக்கிறது. ஆனால் அரைகுறையாகச் செய்தால், நேரம் குறித்து அனுப்புவது, குறிக்காமல் அனுப்புவதைவிட மோசமாகவும் முடியும்.

முதலில் எழும் எதிர்க்கேள்வி நியாயமானது. பெறுபவர் தன் அறிவிப்புகளை அணைத்து வைத்துக்கொள்ளலாமே? ஸ்லாக்கில் அதற்கென்று தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பு 2015 இறுதியிலேயே வந்துவிட்டது. இரவு 10 முதல் காலை 8 வரை மணி அடிக்காது என்பது அதன் இயல்புநிலை. தூக்கத்துக்கு அது போதுமான காவல்தான். ஆனால் சென்னைக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையிலான கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும். கோடையில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். சென்னையின் 9.30 முதல் 10.30 வரையிலான நேரம் அங்கே இரவு 9 முதல் 10 வரை. வந்தவுடன் எல்லோரும் சந்தேகங்களைக் கொட்டுகிற அந்த முதல் மணிநேரம், காவல் தொடங்குவதற்குச் சற்று முன்பாக அங்கே போய் விழுகிறது. குளிர்காலத்தில் வித்தியாசம் பதின்மூன்றரை மணியாகும்போது ஓட்டை இரண்டு மணி நேரமாக அகலுகிறது: சென்னையின் 9.30 அங்கே இரவு 8. எதிர்த்திசையிலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் காலை 6 மணிக்கே எழுந்து வேலையைத் தொடங்குபவர் அனுப்பும் செய்தி, கோடையில் சென்னையில் மாலை 6.30-க்கு வரும். அங்கிருந்து 9.30 வரை வருவதெல்லாம் வீடு திரும்பும் நேரத்தையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் பிடித்துக்கொள்கிறது. இயல்புநிலைக் காவல் தூக்கத்தைத்தான் காக்கிறது, மாலையைக் காப்பதில்லை.

காவல் நேரத்தை மாலை 6.30-க்கே தொடங்கும்படி அவரவர் மாற்றிக்கொள்ளலாமே என்று அடுத்த கேள்வி வரும். மாற்றலாம். ஆனால் ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் பலருக்கு மாலை 7 மணிக்கு அமெரிக்கக் குழுவுடன் அழைப்பு இருக்கும். அந்த அழைப்பு தள்ளிப்போனால் தகவல் வருவதும் இதே ஸ்லாக்கில்தான். அழைப்புக்காகத் திறந்து வைத்த கதவு வழியாக மற்ற எல்லாமும் நுழைந்துவிடுகிறது. ஒரு செய்தி அவசரமானதா, நாளை பார்த்தால் போதுமா என்பது பெறுபவருக்குத் திறந்து படித்த பிறகுதான் தெரியும். அனுப்புபவருக்கு அது எழுதும்போதே தெரியும். பிரித்துப் பார்க்கத் தேவையான தகவல் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் பிரிக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

இதில் மனதுக்குள் நடப்பதை 2021-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்திருக்கிறது. லாரா ஜியர்ஜே, வனேசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எட்டுச் சோதனைகளில் 4,004 பேரை வைத்து, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமில்லாத மின்னஞ்சல்களை ஆராய்ந்தார்கள். அனுப்பியவர் எவ்வளவு விரைவில் பதிலை எதிர்பார்க்கிறார் என்று பெற்றவர்களிடம் கேட்டால், அனுப்பியவர் உண்மையில் எதிர்பார்ப்பதைவிட விரைவாக எதிர்பார்ப்பதாகவே அவர்கள் நினைத்தார்கள். அதாவது, ‘நான் சும்மாதான் போட்டு வைத்தேன், திங்கள் பார்த்தால் போதும்’ என்று அனுப்பியவர் நினைத்துக்கொண்டிருக்க, மறுமுனையில் ஒருவர் ‘உடனே சொல்லியாக வேண்டும்’ என்று தவிக்கிறார். இந்த இடைவெளி பெறுபவரின் மன நிம்மதியையும் பாதிக்கிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. சோதனைகள் மின்னஞ்சலை வைத்து நடந்தவை. ஸ்லாக்கில் நிலைமை இதைவிட மென்மையாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அரட்டை வடிவத்தில் இருக்கும் எதுவும் உடனடிப் பதிலைக் கேட்பதுபோலத்தான் தோன்றும்.

அதே ஆய்வு ஒரு மருந்தையும் சொன்னது. இது அவசரமில்லை, வேலை நேரத்தில் பதில் சொன்னால் போதும் என்று ஒரு வரி சேர்த்தால் அந்தத் தவிப்பு குறைகிறது. அப்படியானால் ஒரு வரி எழுதிவிட்டு உடனே அனுப்பலாமே, நேரம் குறிக்கும் வேலை எதற்கு? இது வலுவான எதிர்வாதம். எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வரி ஆறுதல் தருவது படித்த பிறகுதான். அதற்கு முன்பே மணி அடித்துவிட்டது, கை கைப்பேசிக்குப் போய்விட்டது, மனம் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டது. ‘நாளைக்குப் பார்த்தால் போதும்’ என்ற வாக்கியத்தை இரவு 9 மணிக்கு ஒருவரைப் படிக்க வைப்பதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த வரியை எழுதுவது நல்லதுதான். காலையில் போய்ச் சேரும் செய்தியிலும் அது இருக்கலாம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியில் நாடுகளின் சட்டங்களும் இரண்டு வழியாகப் பிரிந்திருக்கின்றன. பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி நிறுவனங்கள் ஊழியர் தரப்புடன் பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் தொடர்புக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. அங்கே செய்தி வரலாம். பொருட்படுத்தாமல் இருப்பது பெறுபவரின் வேலை. போர்ச்சுகல் 2021 இறுதியில் இயற்றிய சட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது, தவிர்க்க முடியாத நெருக்கடி தவிர, முதலாளியின் கடமை. என் வாதத்துக்குப் போர்ச்சுகல்தான் துணை. ஆனால் இந்தச் சட்டங்களில் எதுவும் சென்னைப் பொறியாளருக்கும் கலிபோர்னியாப் பொறியாளருக்கும் நடுவில் வந்து நிற்கப் போவதில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் முதலாளியும் இல்லை. இருவரும் ஒரே நாட்டின் சட்டத்துக்குள்ளும் இல்லை. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011-இல் இதை எந்திரத்திடமே விட்டது. ஷிப்ட் முடிந்து அரை மணி நேரம் கழித்து, குறிப்பிட்ட ஊழியர்களின் கைப்பேசிகளுக்கு மின்னஞ்சல் போவதை சர்வர் நிறுத்திவிடும். அடுத்த ஷிப்ட் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடும். பெறுபவரின் கடிகாரத்துக்கு ஏற்பச் செய்தியை நிறுத்தி வைப்பது என்ற யோசனை அதில் சுத்தமாக இருக்கிறது. ஸ்லாக்கில் அப்படி ஒரு காவலாளி இல்லாதபோது, அந்த வேலையை அனுப்புபவர் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. கையால் செய்யும் எதிலும் தவறு வரும்.

முதல் தவறு அந்தப் பட்டியலிலேயே காத்திருக்கிறது. அம்புக்குறியைத் தொட்டதும் Tomorrow at 9:00 AM, Monday at 9:00 AM என்று தயாராக நேரங்கள் தோன்றும். யாருடைய ஒன்பது மணி? பொதுவாக அது அனுப்புபவரின் கணக்கில் இருக்கும் நேர மண்டலத்தின் ஒன்பது மணி. கலிபோர்னியாவில் இருப்பவர் ஞாயிறு மாலை உட்கார்ந்து, சென்னை நண்பரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு Tomorrow at 9:00 AM என்பதைத் தேர்வு செய்தால், கோடையில் அந்தச் செய்தி சென்னைக்கு வருவது திங்கள் இரவு 9.30 மணிக்கு. அதைவிட வேடிக்கை, எழுதிய உடனே அனுப்பியிருந்தால் அது திங்கள் காலை வேலைக்கு முன்பாகவே வந்து சேர்ந்திருக்கும். ஏறத்தாழ அரை நாள் வித்தியாசம் உள்ள இரண்டு ஊர்களுக்கு நடுவில், அனுப்புபவரின் காலை என்பது பெறுபவரின் இரவு. நாசூக்காக நடந்துகொள்வதாக நினைத்து ஒருவர் பெறுபவரின் மாலையில் போய் நிற்கிறார். தன் கண்ணில் படாததால் அதை அவர் அறிவதும் இல்லை. அந்தத் தயார் நேரங்கள் ஒரே ஊர்க்காரர்களுக்கானவை. கடல் தாண்டிய செய்திக்கு Custom time என்பதைத் தேர்ந்து, நாளையும் மணியையும் தானே குறிப்பதுதான் வழி.

என்ன மணியைக் குறிப்பது என்பதற்கு, பெறுபவரின் பெயரைத் தொட்டால் விரியும் சுயவிவரத்தில் அவருடைய உள்ளூர் நேரம் தெரியும். அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் இன்றைய வித்தியாசம் கையில் இருக்கிறது. அந்த நேரம் பெறுபவரின் ஸ்லாக் அமைப்பிலிருந்து வருகிறது. அவர் தானியங்கி நேர மண்டலத்தை அணைத்துவிட்டு ஊர் மாறியிருந்தால் அது பழைய ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வித்தியாசம் தெரிந்த பிறகு மனக்கணக்குதான். கோடையில், சான்பிரான்சிஸ்கோவின் காலை 9.15-க்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் சென்னையிலிருந்து இரவு 9.45 என்று குறிக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னையின் வெள்ளிக்கிழமை காலை 9.45 வேண்டுமென்றால், அங்கே வியாழன் இரவு 9.15. கிழமை மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் இருப்பவர் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு எழுதும் செய்தி, உடனே அனுப்பினால் சென்னையின் சனிக்கிழமை அதிகாலை 5.30-க்கு வரும். அது திங்கள் காலை 9.45-க்கு வர வேண்டுமென்றால் அவர் குறிக்க வேண்டியது தன் ஞாயிறு இரவு 9.15.

இரண்டாவது தவறு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. இந்தியா கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பப் பின்னே இழுக்கிறது. ஐரோப்பா இதையே மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் செய்கிறது. குறித்து வைத்த செய்தி எந்த ஊரின் மணிக்கும் கட்டுப்பட்டதல்ல. அது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணத்தைக் குறித்து வைக்கிறது. அந்தக் கணத்தில் பெறுபவரின் சுவர்க் கடிகாரம் என்ன காட்டும் என்பது அதற்குத் தெரியாது. 2026 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை. சென்னையில் ஒருவர், திங்கள் நவம்பர் 2 காலை 9 மணிக்கு சான்பிரான்சிஸ்கோவில் போய்ச் சேரட்டும் என்று, வழக்கமான பன்னிரண்டரை மணிக் கணக்கில் இரவு 9.30 என்று குறிக்கிறார். இடையில் நவம்பர் 1 ஞாயிறன்று அங்கே கடிகாரம் மாறுகிறது. செய்தி போய்ச் சேருவது காலை 8 மணிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில். மார்ச்சில் பிழை மறுபக்கம் சாயும். 2026 மார்ச் 6 வெள்ளியன்று பதின்மூன்றரை மணிக் கணக்கில், திங்கள் காலை 9 மணிக்கென்று இரவு 10.30 குறித்தால், மார்ச் 8-க்குப் பிறகு அது காலை 10 மணியாகிவிடும். காலைக் கூட்டத்துக்கு முன்பு பார்க்க வேண்டிய குறிப்பாக இருந்தால் கூட்டம் முடிந்த பிறகு வந்து சேரும். இதைக் கண்டுபிடிக்க இன்றைய வித்தியாசத்தைப் பார்த்துப் பயனில்லை. செய்தி போய்ச் சேரும் நாளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கைப்பேசியின் நாட்காட்டியில் அந்த நாளுக்கு, அந்த ஊரின் நேர மண்டலத்தில் ஒரு பதிவு போட்டுப் பார்த்தால் சரியான உள்ளூர் நேரத்தை அது காட்டிவிடும்.

மணியைச் சரியாகக் குறித்தால் மட்டும் செய்தி பயன்படுவதில்லை. அது போய்ச் சேரும் நேரத்தில் அனுப்பியவர் தூங்கப் போயிருப்பார். தெளிவு கேட்க ஆள் இருக்காது. ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம். சென்னையில் சோதனைப் பிரிவில் இருப்பவர், புதன்கிழமை மாலை 4 மணிக்கு, பணம் திருப்பித் தரும் பக்கத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்கிறார். தொகையில் பைசா இருந்தால் திரும்பச் செலுத்துதல் தோற்றுப்போகிறது. அந்தப் பக்கத்தை எழுதிய சான்பிரான்சிஸ்கோ பொறியாளருக்கு, கோடையில், அது அதிகாலை 3.30. செய்தியை அங்கே காலை 9.15-க்குக் குறித்து வைக்கிறார். செய்தி ‘ஹாய், ஒரு நிமிடம் பேசலாமா?’ என்று மட்டும் இருந்தால், பொறியாளர் புதன் காலை ‘சொல்லுங்கள்’ என்று பதில் போடுவார். சென்னைக்காரர் அதைப் பார்ப்பது வியாழன் காலை. அவர் கேள்வியை எழுதி மறுபடியும் குறித்து வைத்தால், விடை கிடைப்பது வெள்ளி காலை. மாறாக முதல் செய்தியிலேயே எந்தப் பக்கம், என்ன தொகை கொடுத்தபோது என்ன பிழை வந்தது, படம் எங்கே இருக்கிறது, எந்த பில்ட், தனக்கு என்ன முடிவு வேண்டும், பதில் வராவிட்டால் வியாழன் பகலில் என்ன செய்யப்போகிறார் என்று ஐந்தாறு வரியில் எழுதியிருந்தால், விடை வியாழன் காலையே மேசையில் இருக்கும். முழுதாக ஒரு வேலைநாள் மிச்சம். ‘இன்று’, ‘நாளைக்குள்’ என்ற சொற்களையும் விட்டுவிட வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் வியாழன் மாலை எழுதியவரின் ‘நாளை’ வெள்ளி. அதைச் சென்னையில் வெள்ளி காலை படிப்பவரின் ‘நாளை’ சனி. கிழமையையும் தேதியையும் எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதுவதே பாதுகாப்பு.

குறித்து வைத்த செய்திக்கு இன்னொரு பலவீனம் உண்டு. எழுதிய கணத்தோடு அது உறைந்துவிடுகிறது, உலகம் நகர்கிறது. மாலை 4 மணிக்குக் கண்டுபிடித்த பிழையை 7 மணிக்குள் வேறொருவர் சரிசெய்துவிடலாம். அந்தப் பொறியாளரே சீக்கிரம் எழுந்து, சேனலில் வந்த எச்சரிக்கையைப் பார்த்து வேலையைத் தொடங்கியிருக்கலாம். 9.15-க்கு வரும் பழைய செய்தி அவரைக் குழப்பும். அது தாமதமாக வந்தது என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் பெறுபவரின் திரையில் இருப்பது போய்ச் சேர்ந்த நேரம்தான். ஊறுகாய் ஜாடியில் தேதி எழுதி வைப்பதுபோல, செய்தியின் முதல் வரியில் ‘புதன் மாலை 4 மணி, சென்னை நேரத்தில் எழுதியது’ என்று போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு, கணினியை மூடும் முன் Drafts & sent பகுதியில் Scheduled பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே செய்தியைத் திருத்தலாம், நேரத்தை மாற்றலாம், நீக்கலாம், உடனே அனுப்பவும் செய்யலாம். இந்தப் பார்வை இல்லாமல் நேரம் குறிப்பவர், குறிக்காமலே அனுப்புபவரைவிட அதிகக் குழப்பம் விளைவிப்பார் என்பது என் தீர்ப்பு.

இனி, இந்தப் பழக்கத்துக்கே எதிரானவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். நேரம் குறித்து அனுப்புவது ஒரு வகை மறைப்பு என்கிறார்கள். மேலாளர் நள்ளிரவில் வேலை பார்த்துவிட்டுக் காலை 9 மணிக்குச் செய்திகளை வர வைத்தால், குழுவின் உண்மையான வேலைச்சுமை யார் கண்ணிலும் படாமல் போகும் என்பது அவர்கள் கவலை. கவலை பொய்யல்ல. ஆனால் ஒரே ஊரில் இருக்கும் குழுவுக்குத்தான் அது முழுமையாகப் பொருந்தும். நேர மண்டலம் தாண்டிய செய்தியில் மறைக்க ஒன்றுமில்லை. சென்னையின் பகல் 3 மணிக்கு எழுதுபவர் தன் வேலை நேரத்தில்தான் எழுதுகிறார். ஒரே ஊரில் நள்ளிரவு வேலை பழக்கமாகிவிட்டால் அதைச் செய்தியின் மணியை வைத்து உணர்த்துவது சரியான வழியும் அல்ல. அதற்கு வேலைப் பங்கீட்டைப் பற்றி நேரே பேச வேண்டும். மேலாளர் நேரம் குறிப்பதை நான் இன்னும் அழுத்தமாகவே ஆதரிப்பேன், ஏனென்றால் சக ஊழியரின் இரவுச் செய்தியை விட்டுவிடத் துணிபவர்கூட மேலாளரின் செய்தியை விட்டுவிடத் தயங்குவார்.

இன்னொரு தரப்பு, எல்லோருக்கும் காலை 9 மணி ஒன்றே என்று யார் சொன்னது என்று கேட்கிறது. சிலர் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவில் வேலை பார்க்க விரும்புகிறார்கள். அவர்களுக்குச் செய்தியை நிறுத்தி வைப்பது உதவியல்ல, தடை. சென்னையிலேயே பகல் 1 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடியும் ஷிப்டில் இருப்பவருக்குக் காலை 9.30 என்பது இன்னும் தன் வீட்டு நேரம்தான். இது சரியான திருத்தம். காலை என்று நான் சொல்வது சூரியனை வைத்து அல்ல, அந்த நபரின் வேலை தொடங்கும் நேரத்தை வைத்து. சவூதி அரேபியாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கே ஞாயிறு காலை செய்தி அனுப்புவது முற்றிலும் முறையானது, வெள்ளி காலைக்குக் குறிப்பதுதான் தவறு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறி, வெள்ளியை அரைநாளாக்கியது. இவற்றை ஊகிக்க வேண்டாம். புதிய சக ஊழியரிடம், உங்கள் நாள் எப்போது தொடங்குகிறது, இரவில் செய்தி வந்தால் தொந்தரவா என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று அவர் சொன்னால் உடனே அனுப்பலாம். ஆனால் அப்படி அவர் சொல்லாதவரை, சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சேனலில் எழுதுவது வேறு விஷயம். அதில் நேரம் குறிப்பதை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். சென்னை, லண்டன், சான்பிரான்சிஸ்கோ மூன்றும் இருக்கும் சேனலில் எல்லோருக்கும் பொருந்தும் காலை என்று ஒன்று கிடையாது. அங்கே நேரம் குறித்தால் விவாதத்தின் வரிசைதான் கலையும். பெரும்பாலான சேனல்களில், யாருடைய பெயரையும் குறிக்காமல் எழுதப்பட்டது யாருடைய கைப்பேசியிலும் மணி அடிப்பதில்லை. அவரவர் வந்தபோது படித்துக்கொள்கிறார்கள். மணி அடிக்க வைப்பது பெயர்க் குறிப்பும், எல்லோரையும் கூப்பிடும் @channel போன்றவையும்தான். @channel எழுதும்போது ஸ்லாக்கே, இத்தனை நேர மண்டலங்களில் இத்தனை பேருக்கு அறிவிப்பு போகும், அனுப்பலாமா என்று கேட்கும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் சரி என்று அழுத்துவது பலரின் வழக்கம். ஆகவே சேனலில் உடனே எழுதலாம், பெயரைக் குறிக்காமல். குறிப்பிட்ட ஒருவரின் கவனம் வேண்டுமென்றால் அவருடைய காலைக்குக் குறித்த ஒரு தனிச் செய்தியில் அந்த இடத்துக்கு இணைப்பு கொடுக்கலாம்.

அதேபோல உண்மையான நெருக்கடிக்கும் இதில் இடமில்லை. கட்டணம் செலுத்தும் சேவையே நின்றுவிட்டால் காலை வரை காத்திருக்க முடியாது. ஆனால் அதற்கு நேரடிச் செய்தியும் சரியான வழியல்ல. தூங்குபவரின் கைப்பேசியில் அது அமைதியாகக் கிடக்கும். அன்றைய ஆன்கால் பொறுப்பில் இருப்பவரை எழுப்பும் முறை ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும்போது, அவசரமென்றால் மீறி அறிவிக்கலாம் என்று ஸ்லாக் ஒரு வழியைத் திறந்து காட்டும். அதைத் தொடுவதற்கு முன், இதே செய்திக்காக அந்த வீட்டுக் கதவை இரவில் தட்டியிருப்போமா என்று கேட்டுக்கொண்டால் விடை தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறை. எல்லோரும் இந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால் காலை 9 மணிக்குச் சரியாக இருபது செய்திகள் ஒன்றாக வந்து விழும். எழுந்ததும் ஒரு குவியலைத் தருவது, இரவு முழுதும் ஒவ்வொன்றாகத் தருவதைவிட நல்லதா? நல்லதுதான் என்பேன், தூக்கம் முழுதாகக் கிடைத்திருப்பதால். ஆனாலும் ஒரே நபருக்கு ஒரே நாளில் நான்கு தனிச் செய்திகளைக் குறித்து வைப்பவர் அவற்றை ஒன்றாக்கி எழுதலாம். 9 மணிக்குப் பதில் 9.20, 9.40 என்று குறிக்கலாம். அதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை. இன்று உங்கள் Scheduled பட்டியலில் ஏதாவது இருந்தால், அது யாருடைய ஒன்பது மணிக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பாருங்கள்; மார்ச் மாதத் தொடக்கத்திலும் அக்டோபர் கடைசி வாரத்திலும் இரண்டு முறை பாருங்கள்.